விற்காமலேயே ரீபேலன்ஸ் பண்ணலாமா? மாசாமாசம் போடுற புதுப் பணமே போதுமா?



ஜூலை மாதம் வந்தாலே எங்க ஆபீஸ்ல ஐடிஆர் வேலைதான். அப்படி வந்த ஒரு கிளையன்ட், கோயம்புத்தூர்ல வேலை பார்க்கிறவர். ஃபார்ம் 16 கொடுத்துட்டு, "சம்பளம் மட்டும்தான் மேடம், வேற ஒண்ணும் இல்ல"ன்னார். ஏஐஎஸ் எடுத்துப் பார்த்தா, பிப்ரவரியில 6 லட்ச ரூபாய்க்கு ஈக்விட்டி மியூச்சுவல் ஃபண்ட் வித்திருக்கார். கேட்டதுக்கு, "அது வித்தது இல்ல மேடம், ரீபேலன்ஸ் பண்ணேன். பணம் என் பேங்க் அக்கவுண்டுக்கே வரலையே, டெப்ட் ஃபண்டுக்கு ஸ்விட்ச்தானே பண்ணேன்"னு சொன்னார்.

வருமான வரிச் சட்டத்துக்கு ஸ்விட்ச் என்பதும் விற்பனைதான். ஒரு ஃபண்டில் இருந்து யூனிட் வெளியே போன அன்றே லாபம் கணக்கில் ஏறிவிடும். பணம் உங்க பேங்குக்கு வந்ததா இல்லையா என்பது கணக்கே இல்லை. அவர் வித்த 6 லட்சத்தில் லாபம் மட்டும் 3 லட்சம். எல்லாமே ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த யூனிட்கள். அதனால் நீண்டகால மூலதன ஆதாயம். ஒரு நிதியாண்டில் முதல் 1.25 லட்சத்துக்கு வரி கிடையாது. மீதி 1.75 லட்சத்துக்கு 12.5% வரி, அதாவது ரூ.21,875. அதன் மேல் 4% செஸ் ரூ.875. மொத்தம் ரூ.22,750. மார்ச் 15-க்குள் அட்வான்ஸ் டாக்ஸ் கட்டாததால் அதுக்கு வட்டி தனி.

அவர் கேட்ட ஒரே கேள்வி: "இதைக் கட்டாம பண்ணியிருக்க முடியுமா மேடம்?"

முடியும். ஒரு ரூபாய் வரி இல்லாம, மூணே மாசத்துல பண்ணியிருக்கலாம். எப்படின்னு இந்தக் கட்டுரையில் முழுசா பார்ப்போம். எங்கே இந்த வழி வேலை செய்யாது என்பதையும் சேர்த்தே சொல்லிடறேன்.

முதல்ல, எது "பின்தங்கியது"?

உங்க திட்டம் 60% ஈக்விட்டி, 40% டெப்ட் என்று வைத்துக்கொள்வோம். ரெண்டு மூணு வருஷம் மார்க்கெட் நல்லா ஏறினா, நீங்க எதுவும் செய்யாமலேயே ஈக்விட்டி 70% ஆகியிருக்கும். டெப்ட் நஷ்டத்தில் இல்லை, அதுவும் வளர்ந்துதான் இருக்கு. ஆனா உங்க திட்டத்துல அதுக்குக் கொடுத்த இடம் 40%, இப்ப இருக்கிறது 30%. அதனால இங்கே பின்தங்கியது டெப்ட்.

இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, பலர் இதைத் தப்பா புரிஞ்சுக்கிறாங்க. நாலு ஈக்விட்டி ஃபண்ட் வச்சிருப்பாங்க. அதுல எது ரொம்ப மோசமா போகுதோ, அதுல போய் புதுப் பணத்தைக் கொட்டுவாங்க. "பின்தங்கினதுல போடணும்னு சொன்னீங்களே" என்பாங்க. அது ரீபேலன்ஸிங் இல்லை. ஈக்விட்டி, டெப்ட், தங்கம் என்ற வகைகளுக்கு நடுவில்தான் இந்தக் கணக்கு. சரியில்லாத ஃபண்டில் தொடர்வதா வெளியே வருவதா என்பது தனி முடிவு.

இன்னொண்ணு. சம்பளக்காரர்கள் டெப்ட் கணக்கு போடும்போது இபிஎஃப், பிபிஎஃப் ரெண்டையும் மறந்துடறாங்க. ஓய்வுக்காலத்துக்கான போர்ட்ஃபோலியோ என்றால் அதெல்லாமே டெப்ட்தான். அதைச் சேர்த்துப் பார்த்தா, "ஈக்விட்டி 70% ஆயிடுச்சே"ன்னு பயந்தவருக்கு உண்மையில் 55% தான் இருக்கும். கணக்கை அங்கிருந்து தொடங்குங்க.

எவ்வளவு புதுப் பணம் தேவை? ஒரே ஒரு வகுத்தல்தான்

சின்ன உதாரணத்தில் ஆரம்பிப்போம். மொத்தம் 12 லட்சம் இருக்கு. அதில் ஈக்விட்டி 8.4 லட்சம், டெப்ட் 3.6 லட்சம். அதாவது 70:30. வேண்டியது 60:40.

வித்து சரி பண்ணணும்னா, 1.2 லட்சத்துக்கு ஈக்விட்டியை வித்து டெப்டில் போடணும். விற்காம சரி பண்ணணும்னா கேள்வி இப்படி மாறும்: இந்த 8.4 லட்சம் அப்படியே இருக்கட்டும், மொத்தம் எவ்வளவு ஆனா இது அதுல 60% ஆகும்?

அதிகமா இருக்கிற பகுதியை அதோட இலக்கு சதவீதத்தால் வகுக்கணும். அதுல இருந்து இன்றைய மொத்தத்தைக் கழிக்கணும். அவ்வளவுதான்.

8.4 லட்சம் ÷ 0.60 = 14 லட்சம்
14 லட்சம் − 12 லட்சம் = 2 லட்சம்

ஆக, 2 லட்ச ரூபாய் புதுப் பணம் முழுக்க டெப்டுக்குப் போகணும். உங்க மாத முதலீடு 25,000 என்றால் 8 மாதம். இதுவரை 15,000 ஈக்விட்டிக்கும் 10,000 டெப்டுக்கும் போய்க்கிட்டிருந்தது என்றால், இனி 8 மாதத்துக்கு 25,000-மும் டெப்டுக்கு. எதையும் விற்கவில்லை. எக்ஸிட் லோடு இல்லை, வரி இல்லை, ஐடிஆர்ல காட்ட எதுவும் இல்லை.

கவனிச்சீங்களா? வித்தா 1.2 லட்சம் நகர்த்தினா போதும், புதுப் பணம்னா 2 லட்சம் தேவைப்படுது. விற்கும்போது ஒரு பக்கம் குறைந்து மறுபக்கம் கூடுது. புதுப் பணத்தில் ஒரு பக்கம் மட்டும்தான் கூடுது. அதனால்தான் இந்த வழி எப்பவுமே கொஞ்சம் மெதுவானது.

8 மாசம்னா 8 மாசமேதானா?

இல்லை. இங்கேதான் நிறைய பேர் சறுக்குறாங்க. காலண்டர்ல 8 மாசம் குறிச்சு வச்சுட்டு, நடுவுல திரும்பிப் பார்க்கவே மாட்டாங்க.

நாலு மாசம் கழிச்சு மார்க்கெட் 10% இறங்கிடுச்சுன்னு வச்சுக்குங்க. 8.4 லட்சம் இப்ப 7.56 லட்சம். டெப்டில் பழைய 3.6 லட்சத்தோட நாலு மாசப் பணம் 1 லட்சம் சேர்ந்து 4.6 லட்சம். வட்டியை இப்போதைக்கு விட்டுடலாம். மொத்தம் 12.16 லட்சம். அதே வகுத்தலைத் திரும்பப் போடுங்க: 7.56 ÷ 0.60 = 12.6 லட்சம். இன்னும் தேவை 44,000 தான். ரெண்டே தவணை. பழைய திட்டப்படி நாலு தவணை போட்டிருந்தா, விலை குறைஞ்ச நேரத்துல ஈக்விட்டி வாங்காம, தேவையில்லாம டெப்டுக்கே பணம் போயிருக்கும்.

மார்க்கெட் ஏறினா? 8 மாசத்தில் ஈக்விட்டி 8% ஏறி, பழைய டெப்ட் 4% ஏறியிருந்தா, முடிவில் ஈக்விட்டி பங்கு ஏறக்குறைய 61%. சரியா 60 இல்லைதான். ஆனா 70-ல இருந்து 61-க்கு வந்தாச்சு. அந்த ஒரு சதவீதத்துக்காக எதையும் விற்க வேண்டாம். இன்னும் ஒண்ணு ரெண்டு தவணையில் சரியாகிவிடும்.

அதனால மூணு மாசத்துக்கு ஒருமுறை அந்த வகுத்தலைப் போடுங்க. பதில் பூஜ்யத்துக்கு வந்ததும் எஸ்ஐபி-யை பழையபடி 15,000 : 10,000 என்று மாத்திடுங்க. இதை மறந்து, ரெண்டு வருஷம் டெப்டுலயே பணம் போய்க்கிட்டிருந்த கேஸ் என்கிட்டயே வந்திருக்கு.

பெரிய போர்ட்ஃபோலியோவில் இந்த வழி தனியா போதாது

இப்ப நம்ம கோயம்புத்தூர் கிளையன்டுக்குத் திரும்ப வருவோம். அவர்கிட்ட மொத்தம் 60 லட்சம். ஈக்விட்டி 42, டெப்ட் 18. இதுவும் அதே 70:30 தான். மாத முதலீடு 50,000.

42 லட்சம் ÷ 0.60 = 70 லட்சம்
70 லட்சம் − 60 லட்சம் = 10 லட்சம்

10 லட்சம் ÷ 50,000 = 20 மாதம். அதுக்குள்ள மார்க்கெட் எங்கே போகும்னு யாருக்குத் தெரியும்? ஒரு நல்ல வருஷம் வந்தா, அவர் மாசாமாசம் போடுற பணத்தைவிட ஈக்விட்டி வேகமா வளரும். 42 லட்சத்தில் வருஷத்துக்கு 15% வளர்ச்சி என்றால் 6.3 லட்சம். அவர் ஒரு வருஷத்தில் போடக்கூடியது 6 லட்சம் தான். ஓடிக்கிட்டே இருக்கலாம், பிடிக்க முடியாது.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. சின்ன போர்ட்ஃபோலியோவில் புதுப் பணம் வேகமா வேலை செய்யும். ஆனா அங்கே வித்தாலும் லாபம் 1.25 லட்சத்துக்குள் அடங்கிடும், வரி வராது. பெரிய போர்ட்ஃபோலியோவில்தான் வரி வலிக்கும். ஆனா அங்கே புதுப் பணம் மட்டும் பத்தாது. அதனால பெரிய போர்ட்ஃபோலியோ வச்சிருக்கிறவங்க ரெண்டையும் சேர்த்துப் பயன்படுத்தணும்: புதுப் பணம், கூடவே வருஷா வருஷம் கிடைக்கிற அந்த 1.25 லட்ச விலக்கு.

என் சொந்த அளவுகோல் இது: அந்த வகுத்தலில் 12 மாசத்துக்குள் பதில் வந்தா புதுப் பணம் மட்டும் போதும். அதுக்கு மேல போனா விலக்கையும் சேர்த்துக்கோங்க.

பிப்ரவரியில் அவர் என்ன செய்திருக்கலாம்?

அவர் வித்த யூனிட்களில் பாதி லாபம், 6 லட்சத்துக்கு 3 லட்சம். அந்த விகிதத்தில் 2.5 லட்சத்துக்கு வித்தா லாபம் 1.25 லட்சம். வரி பூஜ்யம்.

பிப்ரவரியில் 2.5 லட்சம் விற்கலாம். ஏப்ரல் 1 வந்ததும் புது நிதியாண்டு, புது 1.25 லட்ச விலக்கு. அப்போ இன்னொரு 2.5 லட்சம். நடுவில் பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் என்று மூணு மாச எஸ்ஐபி பணம் 1.5 லட்சமும் முழுசா டெப்டுக்கு. மார்க்கெட் அசையாம நின்னதா வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம்.

ஈக்விட்டி 42-ல் 5 போனால் 37 லட்சம். டெப்ட் 18-ம், விற்று வந்த 5-ம், புதுப் பணம் 1.5-ம் சேர்ந்து 24.5 லட்சம். மொத்தம் 61.5 லட்சம். ஈக்விட்டி பங்கு 60.2%.

மூணே மாசம். 20 மாசக் காத்திருப்பும் இல்லை, ரூ.22,750 வரியும் இல்லை. அவர் ஒரே நாளில் செய்ததை மார்ச் 31-க்கு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று பிரித்திருந்தால் போதும்.

இதில் கவனமா இருக்க வேண்டிய இடம் ஒண்ணு இருக்கு. உங்க மொபைல் ஆப் ஒரு ஃபண்டில் "35% லாபம்"னு காட்டும். அது அந்த ஃபண்டில் இருக்கிற எல்லா யூனிட்டுக்கும் சேர்த்து. ஆனா நீங்க விற்கும்போது முதலில் வாங்கின யூனிட்தான் முதலில் போகும். ஆறேழு வருஷம் முன்னாடி எஸ்ஐபி-யில் வாங்கினதுல லாபம் அதைவிட அதிகமா இருக்கும். ஆப் காட்டுற சதவீதத்தை நம்பி வித்தா, 1.25 லட்சத்தைத் தாண்டிடுவீங்க. சிஏஎம்எஸ், கேஃபின்டெக் தளங்களில் கிடைக்கிற ஸ்டேட்மென்ட்டில் எந்தத் தேதியில் என்ன விலைக்கு எத்தனை யூனிட் வாங்கினீங்கன்னு வரிசையா இருக்கும். மேலிருந்து எண்ணிக்கிட்டு வாங்க. அந்த வருஷத்தில் வேற ஷேர் வித்த லாபம் இருந்தா அதையும் இதே 1.25 லட்சத்துக்குள் சேர்க்கணும். ஃபண்டுக்குத் தனி, ஷேருக்குத் தனி என்று விலக்கு கிடையாது.

வரி இல்லை என்பதால் ஐடிஆரில் காட்ட வேண்டாம்னு நினைக்காதீங்க. காட்டணும். 2025-26 மதிப்பீட்டு ஆண்டில் இருந்து, இந்த வகை லாபம் 1.25 லட்சத்துக்குள் இருந்தா, மற்ற தகுதிகளும் பொருந்தினால், ஐடிஆர்-1 படிவத்திலேயே காட்டலாம். தாண்டினா ஐடிஆர்-2.

எதிர்த் திசையில் வரி இன்னும் கடுமை

மார்க்கெட் விழுந்து, ஈக்விட்டி 50%-க்கு வந்து, டெப்ட் அதிகமாயிடுச்சுன்னா? டெப்ட் ஃபண்டை வித்து ஈக்விட்டி வாங்கத் தோணும். இங்கேதான் புதுப் பணத்தோட அருமை தெரியும்.

2023 ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கின டெப்ட் ஃபண்ட் யூனிட்களுக்கு, எத்தனை வருஷம் வைத்திருந்தாலும் லாபம் உங்க சாதாரண வருமானத்தோட சேர்ந்துவிடும். 1.25 லட்ச விலக்கு இதுக்குக் கிடையாது. நீங்க 30% அடுக்கில் இருந்தா, 10,000 ரூபாய் லாபத்துக்கு செஸ்ஸோட ரூ.3,120 வரி. அதனால டெப்ட் கூடிப்போன நேரத்தில் முதல் வேலை, டெப்டுக்குப் போகிற மாதப் பணத்தை நிறுத்தி முழுசையும் ஈக்விட்டிக்குத் திருப்புவதுதான். மார்க்கெட் விழுந்திருக்கிற நேரத்தில் அதைச் செய்ய மனசு வராது. அதனாலதான் உணர்ச்சியை நம்பாம அந்த வகுத்தலை நம்புங்கன்னு சொல்றேன்.

ஃபிக்சட் டெபாசிட் முடியும் பணம், போனஸ், பிபிஎஃப் முதிர்வுத் தொகை இதெல்லாமும் புதுப் பணம்தான். முதிர்ந்த டெபாசிட்டைத் திரும்ப டெபாசிட்டாகவே புதுப்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்க. ஆறு மாச எஸ்ஐபி செய்யற வேலையை அந்த ஒரு தொகை செய்துவிடும்.

எப்போ வரியைப் பார்க்காம வித்துடணும்?

கடைசியா, முக்கியமான ஒண்ணு. என் கிளையன்ட் கிளம்பும்போது, "அப்போ நான் பண்ணது முட்டாள்தனமா மேடம்?"னு கேட்டார். இல்லைன்னுதான் சொன்னேன்.

அவருக்குத் தேவைக்கு மேல் ஈக்விட்டியில் இருந்தது 6 லட்சம். மார்க்கெட் 20% விழுந்திருந்தால் அந்த 6 லட்சத்தில் மட்டும் 1.2 லட்சம் காணாமல் போயிருக்கும். அதுக்கு முன்னால் 22,750 பெரிய தொகை இல்லை. அவர் செய்த தவறு வித்தது இல்லை, நாளைத் தேர்ந்தெடுத்ததுதான். ரெண்டு மாசம் பொறுத்திருக்கலாம், ஏன்னா அவருக்குப் பணம் தேவைப்படுறது 15 வருஷம் கழித்து.

ஆனா உங்க பொண்ணு அடுத்த வருஷம் காலேஜ் சேரப்போறா, அந்த ஃபீஸ் பணம் ஈக்விட்டியில் கிடக்குன்னா, அங்கே இந்தக் கட்டுரையில் சொன்ன எதுவும் பொருந்தாது. 12 மாசம் எஸ்ஐபி-யைத் திருப்பிக்கிட்டு உட்கார்ந்திருக்க நேரம் இல்லை. விலக்குக்குள் வருவதை முதலில் வித்து, மீதியையும் வரி கட்டி வெளியே எடுத்துடுங்க. லாபத்தில் எட்டில் ஒரு பங்குதான் வரி. ஃபீஸ் கட்டுற மாசத்தில் மார்க்கெட் கீழே இருந்தா இழக்கப்போறது முதலிலேயே.

இன்னைக்கு ராத்திரி ஒரு பேப்பர் எடுங்க. ஈக்விட்டி எவ்வளவு, டெப்ட் எவ்வளவு (இபிஎஃப் சேர்த்து), மாசம் எவ்வளவு போடுறீங்க. இந்த மூணு எண்ணை எழுதி, அந்த வகுத்தலைப் போடுங்க. எத்தனை மாசம்னு பதில் வரும். விற்கிற பட்டனைத் தொடுவதா வேண்டாமா என்பதை அந்த எண்ணே சொல்லிடும்.

ஈக்விட்டி, டெப்டோட தங்கமும் சேர்ந்து மூணு பங்கா இருந்தா கணக்கு எப்படி மாறும்னு அடுத்த வீடியோவில் பேசுவோம்.